முதல் தொகுப்பு

“என் முதல் சிறுகதைத் தொகுப்பு இந்த மாதம் வெளிவருகிறது. பன்னிரண்டு கதைகள். ஏழெட்டு ஆண்டுகளாக எழுதியவை. வாசித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.”

புத்தகக் காட்சி நெருங்கும்போது இதைப் போன்ற அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். எழுதுகிறவர் ஆசிரியராக இருப்பார், வங்கி ஊழியராக இருப்பார், செவிலியராக இருப்பார். ஊர் மாறும், பெயர் மாறும், தொனி மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் ஆவல். புத்தகம் பிரமாதம் என்று அவர் சொல்லமாட்டார். ‘சொல்லுங்கள்’ என்று கேட்டு நிறுத்திக்கொள்வார்.

இந்தக் கூச்சத்துக்குத் தமிழில் நீண்ட பரம்பரை உண்டு. காவியம் பாடப் புகுந்த புலவர்கள் அவையடக்கம் பாடிய பிறகே கதைக்குள் போனார்கள். இராமகாதையைச் சொல்ல வந்த கம்பர், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கரையில் வந்து நின்ற பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டார். சிறுகதை நம்மிடம் வந்தபோது அந்த மரபு ‘என்னுரை’ என்ற பெயரில் புத்தகத்தின் முதல் பக்கங்களுக்கு இடம் மாறியது. அதை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். 1943-இல் வந்த ‘காஞ்சனை’ தொகுப்புக்குப் புதுமைப்பித்தன் எழுதிய முன்னுரைக்கு ‘எச்சரிக்கை’ என்று தலைப்பு. பணிவு அதில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அப்போது அவர் புதியவர் அல்லர். அவருடைய முதல் தொகுப்பான ‘புதுமைப்பித்தன் கதைகள்’ 1940-இலேயே வந்துவிட்டது.

நான்கு வரி அறிவிப்பைப் படிப்பவருக்கு அதன் பின்னால் நடந்த வேலை தெரியாது. பன்னிரண்டு கதைகளைச் சேர்த்து அட்டை போட்டால் தொகுப்பு ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதல் தொகுப்பு போடும் எழுத்தாளரே பல நேரம் அப்படித்தான் நினைத்துத் தொடங்குகிறார்.

கதை முதலில் பிறப்பது தனியாகத்தான். ஒன்று வார இதழில் வரும், இன்னொன்று சிற்றிதழில் வரும், வேறொன்று போட்டிக்குப் போய்த் திரும்பி வந்து மேசை இழுப்பறையில் கிடக்கும். ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும். வாசகர் ஒரு கதையைப் படித்து மறந்த பிறகுதான் அடுத்தது அவர் கண்ணில் படுகிறது. ஆகவே, தனிக்கதையாக இருந்தவரை எழுத்தாளரின் பழக்கங்கள் யாருக்கும் தெரிவதில்லை. அவருக்கே தெரிவதில்லை. பன்னிரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் அன்றுதான் அவை எழுந்து நிற்கின்றன.

அந்த நாளைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கையில் பதினெட்டுக் கதைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள பதிப்பாசிரியர் முதலில் ஒரு வேலை கொடுப்பார். ஒவ்வொரு கதைக்கும் ஒரு தனித்தாள். அதில் கதையின் முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், கதை சொல்பவர் ‘நானா’ ‘அவனா’, முக்கியப் பாத்திரங்களின் பெயர், கதை நடக்கும் காலம், இடம் ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். பிறகு பதினெட்டுத் தாள்களையும் தரையில் பரப்பி, நின்றபடி பார்க்க வேண்டும்.

பார்த்தால் என்ன தெரியும்? நான்கு கதைகளில் நாயகியின் பெயர் செல்வி. வேறு வேறு செல்விகள். ஆனால் மூன்றாவது செல்வி வரும்போது, முந்தைய கதையில் ஊரைவிட்டுப் போனவள்தான் திரும்பிவிட்டாளோ என்று வாசகர் தேடுவார். ஆறு கதைகள் யாரோ தூக்கத்திலிருந்து விழிப்பதில் தொடங்குகின்றன. ஐந்து கதைகள் மழையில் முடிகின்றன. எட்டில் அப்பா இறந்துவிட்டார், அல்லது இறந்துகொண்டிருக்கிறார். ஏழு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கதையில் ‘பஸ்’ என்றிருப்பது, போன ஆண்டுக் கதையில் ‘பேருந்து’ ஆகியிருக்கிறது. ஒரே தெருவின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது.

இவற்றில் சில பிழைகள், சில பிழைகள் அல்ல. பெயரை மாற்றிவிடலாம். தெருவைச் சரிசெய்யலாம். ஐந்து மழைகளில் எது அந்தக் கதைக்குத் தேவையான மழை, எது முடிக்கத் தெரியாமல் பெய்வித்த மழை என்று கேட்டுப் பார்த்தால் இரண்டு மிஞ்சும். அப்பாவின் மரணம் வேறு விஷயம். எட்டுக் கதைகளில் ஒருவர் அதையே சுற்றி வருகிறார் என்றால், அவர் எழுத வந்ததே அதுதான். அப்பாவை எட்டிலிருந்தும் நீக்கினால் தொகுப்பில் உயிர் இருக்காது. எட்டில் வலுவான ஐந்தை வைத்துக்கொண்டு, ஒன்று சொன்னதையே திரும்பச் சொல்லும் மூன்றை ஒதுக்குவதுதான் வழி. பதினெட்டு இப்படித்தான் பன்னிரண்டு ஆகிறது. ஒதுக்கும் ஆறில் ஒன்று, அவருக்குப் பரிசு வாங்கித்தந்த கதையாகவும் இருக்கக்கூடும். பரிசுக்கதை என்பதற்காக மட்டும் உள்ளே வைத்த கதையைத் தொகுப்பில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவற்றோடு ஒட்டாமல் அது தனியாக நிற்கும்.

பிறகு வரிசை. எழுதிய காலப்படி அடுக்குவது நேர்மையாகத் தோன்றும். ஆனால் முதல் தொகுப்பில் அது ஆபத்து. அப்படி அடுக்கினால் ஆசிரியர் எழுதப் பழகிய கதைதான் முதலில் நிற்கும். இவர் யார் என்று தெரியாத வாசகர், கடையில் நின்றபடி அந்தக் கதையின் முதல் பக்கத்தைப் படித்துத்தான் வாங்குவதா வைப்பதா என்று முடிவு செய்கிறார். மிகச் சிறந்த கதையையே முதலில் வைப்பதிலும் சிக்கல் உண்டு. அடுத்து வருவதெல்லாம் இறக்கமாகத் தெரியும். நல்ல கதை, அதிகம் நீளாதது, ஆசிரியரின் உலகத்துக்குள் கதவைத் திறந்துவிடுவது என்று பார்த்து முதலாவதை எடுப்பதே பெரும்பாலும் சரியாக வருகிறது. கனமான கதை நடுவுக்குப் பிறகு வரலாம். அதற்குள் வாசகருக்கும் ஆசிரியர்மேல் நம்பிக்கை பிறந்திருக்கும்.

தலைப்பு வைக்கும் பழக்கம் நம் மொழியிலேயே மாறி வந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் பிடியிலிருந்து தப்பிப் புதுச்சேரியில் வாழ்ந்த வ.வே.சு. ஐயர், தன் கதைகளை ‘மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்’ என்ற பெயரில் நூலாக்கினார். ஒரு கதையின் பெயரைச் சொல்லி, மற்றவற்றை ‘முதலிய’ என்பதில் அடக்கிவிடும் முறை அது. பிறகு ஆசிரியர் பெயரோடு ‘கதைகள்’ என்று சேர்ப்பது வழக்கத்துக்கு வந்தது. இன்று பெரும்பாலும் ஒரு கதையின் பெயரே நூலின் பெயர். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ அப்படி, அ. முத்துலிங்கத்தின் ‘அக்கா’ அப்படி. இரண்டும் அவரவர் முதல் தொகுப்புகள். இரண்டும் ஒற்றைச் சொல், வீட்டில் தினமும் புழங்கும் சொல். தலைப்புக்கு எடுத்த கதையை வாசகர் முதலில் தேடிப் படிப்பார். அது அந்த எடையைத் தாங்குமா என்று ஆசிரியர் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் தொகுப்புக்கு மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் அணிந்துரை வாங்குவதும் நம் வழக்கம். அதில் ஒரு கெடுதல் அடிக்கடி நேர்கிறது. எழுதித்தருகிறவர் அன்பு மிகுதியால் ஒவ்வொரு கதையையும் சுருக்கிச் சொல்லி, முடிவையும் சொல்லிவிடுகிறார். பெரியவரிடம் திருத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்த உரையைப் புத்தகத்தின் கடைசியில் வைத்துவிடலாம். யாருக்கும் மனவருத்தம் வராது, கதையும் தப்பும்.

அடுத்து பக்கக் கணக்கு. கதை எழுதுகிறவர்கள் பலரும் இதை அச்சகத்துக்குப் போன பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள். பெரிய தாளில் ஒருசேர அச்சடித்து மடிக்கும் முறையில் பதினாறு பக்கம் ஒரு பாரம். தமிழ்ச் சிறுகதை நூல்கள் பெரும்பாலும் டெம்மி அளவில் வருகின்றன. அந்த அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 210 சொற்கள் பிடிக்கும் என்று கொண்டால், 26,000 சொற்கள் கொண்ட பன்னிரண்டு கதைகள் 124 பக்கம் வரும். ஒவ்வொரு கதையும் புதுப்பக்கத்தில் தொடங்குவதால் மேலே கொஞ்சம், முடிவில் கொஞ்சம் என்று வீணாகும் இடத்துக்கு எட்டுப் பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், சமர்ப்பணம், உள்ளடக்கம், என்னுரை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. மொத்தம் 144, சரியாக ஒன்பது பாரம். அதே நூல் 147 பக்கம் வந்துவிட்டால், மூன்று பக்கத்துக்காக இன்னொரு தாள் ஓட வேண்டியிருக்கும். அப்போதுதான் அச்சகத்திலிருந்து ‘என்னுரையைச் சுருக்க முடியுமா?’ என்று தொலைபேசி வரும். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் அந்த ஒரு அழைப்பில் பாதியாகக் குறைந்த நூல்கள் உண்டு.

தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறை வந்த பிறகு இந்தக் கட்டாயம் தளர்ந்திருக்கிறது. முன்பு ஆயிரம் பிரதிகள் அடித்துக் கிடங்கில் அடுக்கிவைத்துக் காத்திருப்பார்கள். இப்போது நூறு, இருநூறு அடித்துப் பார்க்கலாம். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். புதிய எழுத்தாளருக்குப் பதிப்பாளர் கதவு திறப்பது சற்று எளிதானதற்கு இது ஒரு காரணம். வருமானக் கணக்கும் பெரிதல்ல. நூலின் விலை 180 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம், விற்றவை 200 பிரதிகள் என்றால் ஆசிரியருக்கு வருவது 3,600 ரூபாய். ஏழெட்டு ஆண்டு உழைப்புக்கு அவர் எதிர்பார்ப்பது இந்தத் தொகையை அல்ல என்பது இதிலிருந்தே தெரியும்.

மெய்ப்புத் திருத்தத்தில் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கதையை யூனிகோடுக்கு மாற்றும்போது ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகிவிடும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆசிரியரின் கண் இன்னும் வேகமாகத் தாண்டும். அவர் அச்சில் இருப்பதைப் படிப்பதில்லை, மனதில் இருப்பதைப் படிக்கிறார். தன் கதையைத் தானே மெய்ப்புப் பார்த்தால் போதும் என்பவர்களின் நூலில் முதல் பக்கத்திலேயே பிழை இருப்பதற்குக் காரணம் இதுதான். கதையை இதற்குமுன் படிக்காத ஒருவர் பார்க்க வேண்டும். உரக்க வாசித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு கதையும் எந்த இதழில், எந்த மாதம், எந்த ஆண்டு வந்தது என்ற குறிப்பு. அடக்கமான ஆசிரியர்கள், ‘இதெல்லாம் யாருக்குத் தேவை?’ என்று விட்டுவிடுகிறார்கள். தேவைப்படும். புதுமைப்பித்தனின் கதைகளைக் காலவரிசையில் முழுமையாகப் பதிப்பிக்க விரும்பிய ஆ. இரா. வேங்கடாசலபதி, கதைகள் முதலில் வெளியான பழைய இதழ்களைத் தேட வேண்டியிருந்தது. புனைபெயர்களைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. இதழில் வந்த பாடத்தையும் நூலில் வந்த பாடத்தையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பைக் காலச்சுவடு 2000-இல் வெளியிட்டது. ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்த வேலை அது. அரைப்பக்கக் குறிப்பு ஒன்று அந்த உழைப்பில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தியிருக்கும். இதழில் வந்த கதையை நூலுக்காகத் திருத்தியிருந்தால் அதையும் அந்தக் குறிப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இவ்வளவு வேலை இருப்பதால்தானா முதல் தொகுப்புகள் தாமதமாகின்றன? ஓரளவுக்கு ஆம். ஆனால் தாமதம் எப்போதும் இழப்பாகிவிடுவதில்லை. மௌனியின் கதைகள் 1936-இல் ‘மணிக்கொடி’யில் வரத் தொடங்கின. அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் புகழ்ந்தார். இருந்தும் முதல் தொகுப்பான ‘அழியாச்சுடர்’ 1959-இல்தான் வந்தது. இடையே 23 ஆண்டுகள். வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய கதைகளே இருபத்துநான்குதான். இன்னொரு பக்கம் அ. முத்துலிங்கம். ‘அக்கா’ 1964-இல் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு வேலை அவரை நாடு நாடாகக் கொண்டுபோயிற்று. அடுத்த தொகுப்பு ‘திகடசக்கரம்’ வந்தது 1995-இல். முதல் தொகுப்பு சீக்கிரம் வந்தால் எழுத்து ஓடும், தாமதமானால் நின்றுவிடும் என்று யாராவது கணக்குச் சொன்னால் இந்த இருவரும் அதற்கு அடங்கமாட்டார்கள்.

இப்போது அறிவிப்பின் கடைசி வரிக்கு வரலாம். ‘வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.’ இது சம்பிரதாயமான வரி என்று தோன்றலாம். முதல் தொகுப்பு போட்டவருக்கு அப்படி அல்ல. தன் பன்னிரண்டு கதைகளில் எது நிற்கிறது என்பது அவருக்கு நிஜமாகவே தெரியாது. அதிகம் உழைத்த கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரே இரவில் எழுதி, சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கிக் கடைசியில் சேர்த்த கதையைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் பேசுவார். அடுத்து எதை எழுதுவது, எந்தப் பழக்கத்தை விடுவது என்று அவர் அறிந்துகொள்வது அந்தப் பேச்சிலிருந்துதான்.

கிடைக்கும் பதில்களோ பெரும்பாலும் ‘அருமை’, ‘வாழ்த்துகள்’. பல நேரம் அவை படிக்கும் முன்பே வந்துவிடுகின்றன. வெளியீட்டு விழாவில் பேசுகிறவர் நூலைப் பற்றி ஐந்து நிமிடமும், தனக்கும் ஆசிரியருக்கும் உள்ள நட்பைப் பற்றி இருபது நிமிடமும் பேசுவது உண்டு. கேட்டுவிட்டு வீடு திரும்பும் ஆசிரியரிடம் சால்வை இருக்கும், பதில் இருக்காது. ‘எப்படி இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்பதைவிடக் கேள்வியைக் குறுக்கினால் பயன் அதிகம். ‘எந்தக் கதையில் நிறுத்திவிட்டீர்கள்?’, ‘எந்த முடிவு முன்பே தெரிந்துவிட்டது?’ என்று கேட்டால் வாழ்த்து மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. நண்பரும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் வெளியிட்ட முப்பது நாளுக்குள் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்குத் தன் செலவில் அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகமும், சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகமும் அவற்றில் அடக்கம். தானே பதிப்பித்துக்கொள்ளும் எழுத்தாளர்களுக்கு இந்தக் கடமை பல நேரம் தெரிவதில்லை. ஓர் அஞ்சல் செலவுதான். அனுப்பிவிடுங்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தக் கதையைத் தேடி வருகிறவர் அங்கேதான் முதலில் கேட்பார்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வாங்கும் புத்தகங்களில், பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் தொகுப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமைப் பக்கத்தில் முகவரியோ மின்னஞ்சலோ பெரும்பாலும் இருக்கும். படித்து முடித்ததும் ஒரு கதையின் பெயர், நீங்கள் நின்று திரும்பப் படித்த இடத்தின் பக்க எண், சலித்துப்போன இடத்தின் பக்க எண், இந்த மூன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள்.